‘பார்க்கலாம்’ என்றால் முடிவா?

வார இறுதித் தமிழ்ப்பள்ளி கமிட்டியில் நம்ம வயசுக்காரர்கள் சேர்ந்தால் கிடைக்கிற முதல் வேலை பெரும்பாலும் இதுதான்: “நீங்கதான் வேகமா டைப் அடிப்பீங்க, நோட்ஸ் எடுத்துடுங்க.” மறுக்க முடியாது. லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவோம். பெரியவர்கள் தமிழில் பேசுவார்கள், நாம் பாதி தமிழ், பாதி இங்கிலீஷாக அடித்துத் தள்ளுவோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஒருத்தருக்கும் புரியாத ரெண்டு பக்கம் கையில் இருக்கும். அதைத்தான் மறுநாள் பெற்றோர் குரூப்பில் ஒரு தெளிவான சுருக்கமாகப் போட வேண்டும்.

ஆபீஸில் வாரத்துக்கு நாலு மீட்டிங் குறிப்பு எழுதுகிறவன் நான். சாஃப்ட்வேர் வேலையில் அது பழக்கமாகிப் போனது. ஆனால் தமிழ்ப்பள்ளிக் கூட்டத்துக் குறிப்பு அதைவிடக் கஷ்டம் என்றுதான் சொல்வேன். காரணம் மொழி. ஆபீஸில் “I’ll do it by Friday” என்று ஒருத்தர் சொல்லும்போது யார் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. நம்ம கூட்டத்தில் அதே இடத்தில் வருவது “வெள்ளிக்குள்ள பண்ணிடணும்” என்பதுதான். யார் பண்ணணும்? தமிழில் எழுவாயே இல்லாமல் அழகாகப் பேசிவிடலாம். உட்கார்ந்திருக்கிற எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒவ்வொருத்தர் மனசிலும் ‘பண்ணப்போவது’ வேறு ஒருத்தர்.

அடுத்தது ‘-லாம்’. “செய்யலாம்” என்பதை நாம் இங்கிலீஷில் “can do” என்று அடித்துவைப்போம். ஆனால் அது மூன்று விதமாக வரும். செய்ய அனுமதி உண்டு என்பது ஒன்று, செய்தால் என்ன என்கிற யோசனை ஒன்று, சரி செய்வோம் என்கிற முடிவு ஒன்று. குரலையும் சுற்றி இருப்பவர்கள் முகத்தையும் வைத்துத்தான் எது என்று தெரியும். குறிப்பில் குரலும் இல்லை, முகமும் இல்லை. “பார்க்கலாம்” என்றால் பாதி நேரம் ‘வேண்டாம்’ என்பதை மரியாதையாகச் சொல்வது. எங்க கமிட்டியில் யாழ்ப்பாணத்துக்காரர்களும் உண்டு, அவர்கள் “பாப்பம்” என்பார்கள். அதுவும் அதே கதைதான்.

நான் ரொம்ப ரசிக்கிற ஒன்று ‘நாம’வும் ‘நாங்க’வும். “நாங்க பாத்துக்கறோம்” என்றால் கேட்கிற உங்களைச் சேர்க்காமல், எங்க வீட்டுக்காரர்கள் செய்துவிடுவோம் என்று அர்த்தம். “நாம பாத்துக்கலாம்” என்றால் எல்லாரும் சேர்ந்து. இரண்டையும் இங்கிலீஷில் “we’ll take care” என்று அடித்துவிட்டால் பொறுப்பு யாருடையது என்கிற தகவல் அங்கேயே தொலைந்துவிடுகிறது. அதனால் பொறுப்பு பற்றிய வார்த்தையை மட்டும் சொன்னபடியே தமிழில் எழுதிக்கொள்வது நல்லது. தமிழில் டைப் அடிக்க வராது என்றால் “naanga” என்றே அடியுங்கள், போதும்.

இனி ஒரு மாதிரிக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று கூட்டங்களில் இருந்து எடுத்து, பெயர்களையும் தொகைகளையும் மாற்றி, நானே கட்டியது. டொராண்டோ பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி, பொங்கல் விழாவுக்கான கமிட்டி. கூட்டம் 2024 நவம்பர் 14, வியாழன் இரவு, ஜூமில்.

1. விழா ஜன 11ஆ 18ஆ. 11ல பாதிப் பேர் ஊர்ல இல்ல. 18 ஓகே.
2. ஹால் போன வருஷ ஸ்கூல்தான். பெர்மிட் போடணும்.
3. சாப்பாடு கேட்டரிங். 120 பேர். சிவாவுக்குத் தெரிஞ்ச இடம், ஆளுக்கு 14 டாலர். எல்லாரும் ஓகே.
4. பொங்கல் பானை வெளியில வைக்கலாமா? குளிர். பார்க்கலாம்.
5. டான்ஸ் லிஸ்ட் அடுத்த சனிக்குள்ள குடுக்கணும். ஒரு ஐட்டம் 5 நிமிஷம், அதுக்கு மேல கிடையாது.
6. ஸ்பீக்கர் – மீனா வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. கேக்கணும்.
7. ராணி அக்கா – முழு கேட்டரிங் எதுக்கு, சாம்பார் சாதம் தயிர் சாதம் மட்டும் வெளியில வாங்கலாம், மத்தது வீட்டுக்கு ஒண்ணு. எல்லாரும் சரி.
8. பெர்மிட் நான் பாத்துக்கறேன், டிச 7க்குள்ள – தினேஷ்.
9. அட்வான்ஸ் 300, வெள்ளிக்குள்ள. நான் குடுத்துடறேன் – சிவா.
10. கோலப் போட்டி. நல்லா இருக்கும்.
11. பசங்களுக்குப் பரிசு வாங்கிடலாம். 100 டாலருக்கு மேல வேணாம்.
12. கிளீனிங் – வீ வில் டேக் கேர் (தினேஷ்).

இதைப் பார்த்ததும் கை தானாகச் சுருக்கப் போகும். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் அழகாக்கி எழுதினால் முடிந்தது என்று தோன்றும். அப்படி எழுதினால் மூன்றாவது வரியில் “120 பேருக்கு கேட்டரிங், ஆளுக்கு 14 டாலர்” என்று வந்துவிடும். பொருளாளர் அதைப் பார்த்து 1,680 டாலர் ஒதுக்கிவைப்பார். ஆனால் ஏழாவது வரியில் அந்த முடிவே மாறிவிட்டது. கூட்டங்களில் சாப்பாட்டுப் பேச்சு ஒரு தடவையோடு முடிந்து நான் பார்த்ததில்லை.

அதனால் நான் குறிப்பைக் கீழிருந்து மேலே படிக்கிறேன். ஒரு விஷயத்தைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது முதலில் கண்ணில் படும். மேலே போகும்போது அதே விஷயம் மறுபடி வந்தால், அது பழசு என்று உடனே தெரியும். இங்கே 12, 11, 10 என்று ஏறி வந்து 7ஐ எட்டும்போது ‘சாப்பாடு’ என்று குறித்துக்கொள்கிறேன். 3ஐ எட்டும்போது அதை அடித்துவிடுகிறேன். இதில் கவனிக்க வேண்டியது, 3ஆம் வரி போகும்போது அதோடு ஒட்டியிருந்த எண்களும் போக வேண்டும். 14 டாலர் என்பது முழுச் சாப்பாட்டுக்குச் சொன்ன விலை. சாம்பார் சாதமும் தயிர் சாதமும் மட்டும் என்றால் விலை என்ன என்று கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. முடிவு மாறிய பிறகும் பழைய விலை சுருக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பது, நான் அடிக்கடி பார்க்கிற கோளாறு. 120 பேர் என்பது விழாவுக்கு வருகிறவர்கள் கணக்கு, அது மாறவில்லை. ஆனால் அதுவும் உத்தேசம்தான், ‘சுமார்’ என்பதை விடக்கூடாது.

அடுத்தது, ஒவ்வொரு வரியும் என்ன ஜாதி என்று ஓரத்தில் ஒரு எழுத்துப் போடுகிறேன். முடிவானால் ‘மு’, ஒருத்தர் செய்ய வேண்டிய வேலை ஆனால் ‘வே’, இன்னும் தீராத கேள்வி ஆனால் ‘கே’. மற்றதெல்லாம் பேச்சு, அது சுருக்கத்தில் வராது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் கூட்ட நடைமுறை பற்றி 1876இல் போட்ட புத்தகம் இன்றைக்கும் பல சங்கங்களுக்கு அடிப்படை. கூட்டக் குறிப்பில் இருக்க வேண்டியது அங்கே என்ன செய்யப்பட்டது என்பது, யார் என்ன பேசினார்கள் என்பது இல்லை என்கிறது அது. எங்க கமிட்டிக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. “கேட்டரிங் எதுக்கு” என்று ராணி அக்கா கேட்டது குரூப்பில் போய், சிவாவுக்குச் சங்கடமாகி, அதைத் தீர்க்க இன்னொரு கூட்டம் போட வேண்டியதில்லை.

எது ‘மு’ என்று பார்க்க நான் வைத்திருக்கிற சோதனை சின்னது. மறுப்புச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போது விஷயம் முழுசாகச் சொல்லப்பட்டதா, அதற்கு ஒரு ‘சரி’ விழுந்ததா, பிறகு யாரும் அதை மாற்றவில்லையா? முதல் வரி தேறுகிறது. பரிசு வரியும் தேறுகிறது. ‘வாங்கலாம்’ என்று மட்டும் இருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். ‘வாங்கிடலாம்’ என்று வந்து, கூடவே 100 டாலர் வரம்பும் போட்டிருக்கிறார்கள். வரம்பு போடுகிறவர்கள் செய்வதென்று தீர்மானித்துவிட்டவர்கள். கோலப் போட்டி தேறவில்லை. ‘நல்லா இருக்கும்’ என்பது ஆசை மட்டும்தான். பொங்கல் பானை ‘பார்க்கலாம்’, ஆக அது ‘கே’. ‘வேண்டாம் என முடிவு’ என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பெரியவர் மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னார் என்று நமக்கு நன்றாகத் தெரிந்தாலும், அதை எழுத்தில் போட வேண்டியவர் அவர்தான்.

பொறுப்பு என்று வரும்போதுதான் விஷயம் நிஜமாகவே சூடு பிடிக்கும். என் விதி, ஒரு வேலைக்கு ஒரு பெயர். அந்தப் பெயருக்குரியவர் தன் வாயால் ‘நான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஒரு வருஷம் இந்த ஆறாவது வரி மாதிரியே ஒன்று, சுருக்கத்தில் “ஸ்பீக்கர் – இன்னார் வீட்டுக்காரர்” என்று போய்விட்டது. அந்த மனுஷர் கூட்டத்துக்கே வரவில்லை. எண்பது பேர் குரூப்பில் தன் பெயரைப் பார்த்து அவருக்குக் கோபம், ஆனால் எதுவும் எழுதவில்லை. மற்றவர்களோ வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். விழா அன்றைக்கு மைக் இல்லை. ஆறு வயசுக் குழந்தைகள் மனப்பாடம் செய்துவந்த பேச்சு இரண்டாவது வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. “சொல்லிட்டு செய்யலை” என்கிற பேர் மட்டும் அவர் வீட்டுக்கு வந்தது. அவர் எதையும் சொல்லவே இல்லை. அடுத்த டெர்மில் அந்தக் குடும்பம் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒரு பெயரை எங்கே போடுகிறோம் என்பது இவ்வளவு தூரம் போகும்.

நம் குறிப்பில் ‘நான்’ என்று சொன்னவர்கள் இரண்டே பேர், தினேஷும் சிவாவும். டான்ஸ் லிஸ்டை யாரிடம் கொடுப்பது, ஸ்பீக்கரை யார் கேட்பது, பரிசு யார் வாங்குவது, எதிலும் பெயர் இல்லை. கிளீனிங்கில் தினேஷ் பெயர் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அடைப்புக்குள் இருப்பது சொன்னவர் பெயர். அவர் ‘நாங்க’ என்றாரா ‘நாம’ என்றாரா என்பது இங்கிலீஷில் அடித்ததில் போய்விட்டது.

தேதிக்கு வருவோம். கூட்டம் வியாழன் இரவு. சிவா சொன்ன ‘வெள்ளி’ மறுநாள் 15ஆம் தேதியா, 22ஆம் தேதியா? ‘அடுத்த சனி’ என்பது நாளை மறுநாள் 16ஆ, 23ஆ? ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் இதற்கு வேறு வேறு பதில் சொல்வார்கள். எனவே சுருக்கத்தில் ‘அடுத்த’, ‘வர்ற’, ‘இன்னும் ரெண்டு வாரத்துல’ எதுவும் வரக்கூடாது. தேதி, மாதத்தின் பெயர், கிழமை மூன்றும் வர வேண்டும். மாதத்தை எண்ணில் எழுதாதீர்கள். கனடாவில் 01/11 என்றால் சிலருக்கு ஜனவரி 11, சிலருக்கு நவம்பர் 1. கிழமையைச் சேர்ப்பது அலங்காரத்துக்கு இல்லை. எங்க துறையில் ஒரு நீள எண்ணைத் தப்பாக அடித்தால் காட்டிக்கொடுக்க, கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் வைப்பார்கள். கிழமையும் அந்த மாதிரிதான். ‘ஜனவரி 19, சனி’ என்று கை தவறி அடித்தால், காலண்டரைப் பார்க்கிற யாராவது ஒருத்தர் “19 ஞாயிறாச்சே” என்று சொல்லிவிடுவார். கிழமை இல்லாவிட்டால் அந்தத் தவறு விழா வரைக்கும் போகும். ‘க்குள்ள’ என்பதிலும் ஒரு இடி உண்டு. வெள்ளிக்குள் என்றால் வெள்ளியும் சேர்த்தியா? அதனால் பணம் சம்பந்தப்பட்டதில் மணியும் போட்டுவிடுவேன்.

இப்போது கையில் சில ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை ஊகித்து அடைப்பது சுலபம், அதுதான் ஆபத்தும். 9ஆம் வரியில் 300 டாலர் அட்வான்ஸ் எதற்கு? முந்தின வரி பெர்மிட் பற்றியது, எனவே ஹாலுக்கு என்று படிக்கலாம். சிவா சாப்பாட்டுக் கடைக்காரரைத் தெரிந்தவர், எனவே சாப்பாட்டுக்கு என்றும் படிக்கலாம். இரண்டுமே நியாயமாகத் தெரிவதால்தான் கேட்க வேண்டும். குரூப்பில் இல்லை, தனித்தனியாக. சிவாவுக்கு ஒரு மெசேஜ்: “சிவா அண்ணா, 300 டாலர் அட்வான்ஸ் சாப்பாட்டுக் கடைக்கா, ஹாலுக்கா? வெள்ளின்னு சொன்னது 15ஆ, 22ஆ?” கேள்வியை இப்படி இரண்டு பதிலில் ஒன்றாகக் கேட்டால் உடனே பதில் வரும். “அட்வான்ஸ் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க” என்று கேட்டால் போன் வரும், அரை மணி நேரம் போகும்.

பதில்கள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் சாப்பாட்டுக் கடைக்கு, 22ஆம் தேதி இரவு 9 மணிக்குள். டான்ஸ் லிஸ்டை கவிதா வாங்கிக்கொள்கிறார், கடைசி நாள் 23. மீனாவிடம் கேட்டதற்கு, “அவர்கிட்ட நானே கேட்டு ஞாயித்துக்கிழமை சொல்றேன்” என்றார். இங்கே கவனியுங்கள், மீனா ஒப்புக்கொண்டது கேட்டுச் சொல்வதை மட்டும்தான், ஸ்பீக்கரைக் கொண்டுவருவதை இல்லை. தினேஷ் கிளீனிங் பற்றி, “நாம எல்லாருமா சேர்ந்து பண்ணலாம்னுதான் சொன்னேன்” என்கிறார். பரிசு வாங்க ஆள் கிடைக்கவில்லை.

ஆக, வெள்ளிக்கிழமை குரூப்பில் போவது இவ்வளவுதான்:

பொங்கல் விழாக் கமிட்டி – 2024 நவம்பர் 14, வியாழன் கூட்டத்தின் சுருக்கம்

முடிவுகள்
விழா 2025 ஜனவரி 18, சனி. இடம் போன வருடம் நடந்த அதே பள்ளி (பெர்மிட் கிடைத்தால்).
சாம்பார் சாதமும் தயிர் சாதமும் வெளியில் வாங்குகிறோம். மற்றவை வீட்டுக்கு ஒன்று. சுமார் 120 பேர்.
நடனம் ஒன்றுக்கு 5 நிமிடம், அதற்கு மேல் இல்லை.
குழந்தைகளுக்குப் பரிசு உண்டு, மொத்தம் 100 டாலருக்குள்.

யார், எதை, எப்போது
சிவா – சாப்பாட்டுக் கடைக்கு 300 டாலர் அட்வான்ஸ் – நவம்பர் 22, வெள்ளி இரவு 9 மணிக்குள் *
கவிதா – நடனப் பட்டியலை வாங்கித் தொகுத்தல் – நவம்பர் 23, சனி *
மீனா – ஸ்பீக்கர் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்லுதல் – நவம்பர் 17, ஞாயிறு *
தினேஷ் – ஹால் பெர்மிட் – டிசம்பர் 7, சனி

இன்னும் முடிவாகாதவை
பொங்கல் பானையை வெளியில் வைப்பதா?
சாதங்களின் விலை எவ்வளவு?
பரிசு வாங்குவது யார்?
விழா முடிந்து சுத்தம் செய்ய யார் ஆள் திரட்டுவது?

* குறியிட்டவை கூட்டத்துக்குப் பிறகு அந்தந்த ஆளிடம் கேட்டு உறுதி செய்தவை.

அந்த நட்சத்திரக் குறியை நான் விடுவதே இல்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நடந்ததையும், பிறகு நான் தனியாகக் கேட்டு நிரப்பியதையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், “இதை எப்பப் பேசினோம்?” என்று யாராவது நியாயமாகவே கேட்பார்கள். ‘பெர்மிட் கிடைத்தால்’ என்கிற நிபந்தனையையும் அதே காரணத்துக்காகத்தான் விட்டுவைத்தேன். சுருக்கும்போது முதலில் விழுவது ‘-ஆல்’தான். அது போனால் இரண்டு சொல் மிச்சம், ஆனால் உறவினர்களுக்கு இடம் சொல்லி அழைப்பு அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள்.

சிலருக்கு ‘முடிவாகாதவை’ பகுதி பிடிக்காது. கமிட்டி ஒன்றும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தெரிகிறதாம். எங்க தலைவர்கூட ஒருமுறை அதை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை. “பரிசு வாங்குவது யார்?” என்று கேள்விக்குறியோடு போட்ட அன்று மாலையே “நான் வாங்கறேன் தம்பி” என்று பதில் வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ‘பரிசு வாங்கப்படும்’ என்று செயப்பாட்டுவினையில் மூடி எழுதினால் அந்தப் பதில் வராது. ‘-ப்படும்’ என்று முடிகிற எந்த வரியையும் நான் ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பேன், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று.

அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு சரிபார்ப்பு, ஐந்து நிமிடம்கூட ஆகாது. சுருக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் தேதியையும் விரலால் தொட்டு, அது குறிப்பில் எந்த வரியில் இருக்கிறது, அல்லது எந்த மெசேஜில் வந்தது என்று காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாதது நாமாகச் சேர்த்தது. பிறகு தலைகீழாக, குறிப்பில் இருக்கிற ஒவ்வொரு வரியும் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். இங்கே 3ஆம் வரியை 7 மாற்றிவிட்டது. 10ஆம் வரி பேச்சோடு நின்றது. மற்ற பத்தும் ஏதோ ஓரிடத்தில் இருக்கின்றன.

அனுப்பிய பிறகு திருத்தம் வந்தால், பழைய மெசேஜைச் சத்தமில்லாமல் எடிட் செய்ய வேண்டாம். பாதிப் பேர் ஏற்கெனவே படித்து, காலண்டரில் போட்டிருப்பார்கள். மெசேஜ் மாறியது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தனியாக ஒரு வரி போடுங்கள், பழசும் புதுசும் சேர்த்து: “திருத்தம்: நடனப் பட்டியல் கடைசி நாள் நவம்பர் 23, சனி என்றிருந்தது, நவம்பர் 30, சனி என மாற்றம். சொன்னவர் கவிதா.”